எழுதிய சுருக்கத்திலிருந்து ஒரு நிமிட அறிமுகம்: கோத்தகிரிப் பெண் ஒருவருக்காகச் செய்து பார்த்தது

நான் குன்னூரில் கணக்கு வேலை பார்க்கிறவள். எங்கள் அலுவலகத்துக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணலில் மேசையின் அந்தப் பக்கம் உட்காருவதும் உண்டு. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டதும், வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பயோடேட்டாவின் தலையில் எழுதியிருக்கும் நாலு வரிச் சுருக்கத்தை அப்படியே ஒப்பிப்பார்கள். அந்தத் தாள் எங்கள் கையிலேயே இருக்கும். அவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் கண்ணால் வரியைத் தொடர்ந்துகொண்டு போவோம். சொல்லி முடிக்கும்போது தாளில் இல்லாத ஒன்றும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

சுருக்கம் மோசமாக எழுதப்பட்டிருப்பதால் இப்படி ஆவதில்லை. அது கண்ணுக்காக எழுதியது. கண் ஒரு வரியைத் தாண்டிப் போகும், திரும்பி வரும், எண்ணைத் தேடிப் பிடிக்கும். காது அப்படிச் செய்யாது. காதுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எதுவும் போகும், தவறவிட்டால் திரும்பி வர வழியில்லை. அதனால் சுருக்கத்தை மனப்பாடம் செய்யக் கூடாது. அதைப் பிரித்துப் போட்டு, வேண்டியதை எடுத்து, காதுக்கு ஏற்ற மாதிரி வேறொன்றாகக் கட்ட வேண்டும். எப்படி என்று ஒரே ஒருவருடைய கதையை வைத்து முழுக்கச் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கத்துப் பெண் அவள். ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. குன்னூரில் ஒரு தேயிலை வணிக நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது என்னிடம் வந்தாள். ஆங்கிலத்தில் இருந்த அவளுடைய சுருக்கம் தமிழில் இப்படி வரும்:

"வணிகவியல் பட்டதாரி. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் 2 ஆண்டு 4 மாத அனுபவம். பச்சைத் தேயிலைக் கொள்முதல் கணக்கு, விவசாயிகளுக்கான மாதப் பட்டுவாடா, ஜிஎஸ்டி பதிவுகள், டேலி, எக்செல் ஆகியவற்றில் தேர்ச்சி. 340 விவசாயிகளின் கணக்கைக் கையாண்டு, மாதக் கணக்கு முடிக்கும் காலத்தை 6 நாளிலிருந்து 3 நாளாகக் குறைத்தவர். தமிழ், ஆங்கிலம், படுக மொழி பேசுவார். கடின உழைப்பு, விரைவாகக் கற்கும் ஆர்வம், குழுவாக இயங்கும் திறன் கொண்டவர். வளர்ச்சிக்கு வாய்ப்புள்ள நிறுவனத்தில் பணிபுரிய விருப்பம்."

நல்ல சுருக்கம்தான். இதில் ஒரு வினைமுற்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். "பேசுவார்" என்று ஒரே இடத்தில். மற்றதெல்லாம் பெயர்ச்சொல்லாகவே நிற்கிறது. யார், எப்போது, என்ன செய்தார் என்பது எங்கேயும் வாய்விட்டு வரவில்லை. தாளில் அது இடத்தை மிச்சம் பிடிக்கிறது. வாயால் சொன்னால் பலசரக்குப் பட்டியலைப் படிக்கிற மாதிரி ஆகிவிடும்.

முதலில் அவளை அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இது எல்லாருக்கும் நடக்கும். சுருக்கம் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும், மீதி அரை நிமிடத்தை நிரப்ப வேண்டுமே என்று அப்பா என்ன செய்கிறார், அம்மா இல்லத்தரசி, தம்பி என்ன படிக்கிறான், பொழுதுபோக்கு பாட்டு கேட்பது, பலம் கடின உழைப்பு, பலவீனம் அதிகமாக உழைப்பது என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். அவளும் அப்படித்தான் தயாரித்து வைத்திருந்தாள். ஒரு நிமிடத்தில் பாதியை வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு தின்றுவிட்டது. நிரப்ப வேண்டியது வெளியிலிருந்து அல்ல. சுருக்கத்துக்குள்ளேயே ஒரு வரியைத் தோண்டினால் அந்த அரை நிமிடம் கிடைக்கும்.

எந்த வரியைத் தோண்டுவது

இதை உங்கள் சுருக்கம் சொல்லாது. வேலை விளம்பரம்தான் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்த விளம்பரத்தில் மூன்று விஷயம் கேட்டிருந்தார்கள்: சப்ளையர் கணக்குகளைப் பராமரிப்பது, மாதக் கடைசியில் ஒத்துப் பார்ப்பது, சப்ளையர்களிடம் பேசுவது. பென்சிலால் சுருக்கத்தில் இவற்றைத் தொடுகிற இடத்தை மட்டும் அடிக்கோடு போடச் சொன்னேன். 340 விவசாயிகள், 6 நாள் 3 நாள் ஆனது, படுக மொழி. மூன்றே இடம்.

அப்புறம் அடிக்க வேண்டியதை அடித்தோம். "கடின உழைப்பு, விரைவாகக் கற்கும் ஆர்வம், குழுவாக இயங்கும் திறன்" முழுக்கப் போய்விட்டது. இவை தாளில் இருந்தால் கெடுதல் இல்லை. வாயால் ஒருவர் தன்னைத் தானே கடின உழைப்பாளி என்று சொல்லும்போது கேட்கிறவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஜிஎஸ்டியையும் டேலியையும் விடச் சொன்னபோது அவள் தயங்கினாள். "அக்கா, டேலி தெரியும்னு சொல்லலைன்னா தெரியாதுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?" என்றாள். தாளில் இருக்கிறதே, வேண்டுமானால் அவர்களே கேட்பார்கள் என்றேன். ஒரு நிமிடத்துக்குள் ஒரு வேலையை மட்டும்தான் கேட்கிறவர் மனதில் படமாக வைக்க முடியும். நாலு மென்பொருள் பெயரைச் சொன்னால் நாலும் நிற்காது.

சரி, தோண்ட வேண்டியது "6 நாளிலிருந்து 3 நாள்" என்கிற வரி. அவளிடம் கேட்டேன். முதலில் ஏன் ஆறு நாள் ஆனது? அவளுக்கு உடனே பதில் வரவில்லை, யோசித்துத்தான் சொன்னாள். விவசாயிகள் கொடுக்கிற இலையை எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். சீட்டின் நகல் ஒவ்வொரு சேகரிப்பு இடத்திலிருந்தும் கட்டுக் கட்டாக அலுவலகத்துக்கு வரும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிற விலையை ஒட்டித்தான் இலைக்குப் பணம் என்பதால், விலை தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டுகளை அப்படியே வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றும்போது எழுத்து புரியாத சீட்டு, காணாமல் போன சீட்டு, ஒரே பெயரில் இரண்டு விவசாயிகள் என்று சிக்கல் வரும். இருபது நாளுக்கு முந்தைய எடையைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். விலை பிறகு வரட்டும், எடையை அன்றன்றைக்கே ஏற்றிவிடலாம் என்று ஆரம்பித்ததாகச் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் எடைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். தப்பு இருந்தால் அந்த வாரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும், சீட்டு எழுதியவருக்கும் நினைவு இருக்கும். மாதக் கடைசியில் விலையைப் போட்டுப் பெருக்குவதுதான் மிச்சம்.

தனியாகவா செய்தாய் என்று கேட்டேன். இல்லை, இன்னொரு எழுத்தரும் சேர்ந்து, மேலாளர் ஒப்புக்கொண்ட பிறகு. அப்படியானால் "குறைத்தேன்" என்று சொல்லக் கூடாது, "ஆரம்பித்தோம்" என்று சொல் என்றேன். அடுத்த கேள்வியிலேயே யார் யார் என்று கேட்பார்கள், அப்போது பின்வாங்க வேண்டி வரும்.

சுருக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் இந்த மூன்று கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முன்னால் ஏன் அப்படி இருந்தது, என்ன செய்தோம், யார் யார் செய்தோம். பதில் சொல்ல முடியாத எண்ணை நிமிட அறிமுகத்தில் வைக்காதீர்கள்.

பேசிவிட்டு எழுதுவது

இங்கேதான் பலரும் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். உட்கார்ந்தால் மறுபடியும் கட்டுரை நடைதான் வரும். "பணிபுரிந்து வருகிறேன்", "கையாண்டு வந்துள்ளேன்" என்று கை தானாக எழுதும். அதனால் முதலில் பேச வேண்டும். தாளை மூடிவிட்டு, செல்போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு, எதிரில் இருப்பவரிடம் சாதாரணமாகச் சொல்லுங்கள். எதிரில் யாரும் இல்லையென்றால் ஜன்னலைப் பார்த்தாவது சொல்லுங்கள். பிறகு பதிவைக் கேட்டு, வாயில் வந்ததை அப்படியே எழுதுங்கள்.

அவளுடைய முதல் பதிவு 2 நிமிடம் 10 நொடி. நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் இப்படி ஒரு வாக்கியம் வந்தது: "மாதக் கடைசியில் கட்டுக் கட்டாக வருகிற சீட்டுகளை எல்லாம் பிரித்து, ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியாக அடுக்கி, எக்செல்லில் ஏற்றி, அதை எடைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் கேட்டுத் திருத்தி, அப்புறம் விலையைப் போட்டு முடிக்க ஆறு நாள் ஆகும்."

தமிழில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வினைமுற்று கடைசியில்தான் வரும். "பிரித்து, அடுக்கி, ஏற்றி, பார்த்து" என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம், இலக்கணம் தடுக்காது. கேட்கிறவர் பாவம், "ஆறு நாள்" என்கிற முக்கியமான சொல் வரும்வரை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும். இந்த மாதிரி வாக்கியத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வெட்ட வேண்டும். வெட்டும்போது முடிவை முன்னால் கொண்டு வாருங்கள். "மாதக் கணக்கு முடிக்க ஆறு நாள் ஆகும்" என்று முதலில். காரணம் அடுத்த வாக்கியத்தில்.

எண்களையும் காதுக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும். "2 ஆண்டு 4 மாதம்" தாளில் சரி. வாயில் "இரண்டு வருடத்துக்கு மேலாக". 340 வாயில் "முந்நூறுக்கு மேற்பட்ட". ஆறும் மூன்றும் மட்டும் அப்படியே இருக்கட்டும், கேட்கிறவர் நினைவில் வைக்க வேண்டிய எண்கள் அவைதான். மற்ற எண்கள் அவற்றோடு போட்டி போடக் கூடாது.

நீளத்துக்கு ஒரு அளவு. பலரை வைத்து நேரம் பார்த்ததில், தமிழில் அவசரமில்லாமல் ஒரு நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் போகிறது. ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்துக்கு 120, 130 சொல் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கைத் தமிழுக்கு வைத்தால் மூச்சு முட்டும், நம்முடைய சொற்கள் நீளம்.

நாலு முறை பேசி, நாலு முறை வெட்டிய பிறகு அவளுக்கு வந்தது இது:

"வணக்கம். என் பெயர் ———. ஊர் கோத்தகிரி பக்கம். பி.காம் முடித்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன்.

அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட விவசாயிகள் இலை கொடுக்கிறார்கள். அவர்களுடைய இலைக் கணக்கும் மாதப் பட்டுவாடாவும் என் பொறுப்பு. நான் சேர்ந்தபோது மாதக் கணக்கு முடிக்க ஆறு நாள் ஆகும். எடைச் சீட்டெல்லாம் மாதக் கடைசி வரை கட்டாகக் கிடந்ததுதான் காரணம். அன்றன்றைய சீட்டை அன்றே எக்செல்லில் ஏற்ற ஆரம்பித்தோம். சனிக்கிழமைதோறும் எடைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தோம். இப்போது மூன்று நாளில் முடிகிறது. சந்தேகம் கேட்டு வருகிற விவசாயிகளிடம் படுக மொழியிலேயே பேசி விளக்குவேன்.

உங்கள் விளம்பரத்தில் சப்ளையர் கணக்கை ஒத்துப் பார்க்க ஆள் தேவை என்று இருந்தது. வாராவாரம் நான் செய்கிற வேலை அதுதான். அதையே இன்னும் பெரிய இடத்தில் செய்யத்தான் விண்ணப்பித்தேன்."

எண்ணிப் பார்த்தால் 90 சொல். 62 நொடி வந்தது. இரண்டு நொடி கூடுதல் யாருக்கும் தெரியாது. 75 நொடியைத் தாண்டினால் எதிரில் இருப்பவர் தாளைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்.

"இலை" என்று மட்டும் சொன்னது தேயிலைக்காரர்களிடம் பேசுவதால். ஊட்டியில் ஒரு வங்கியிலோ கோயம்புத்தூரில் ஒரு அலுவலகத்திலோ என்றால் "பச்சைத் தேயிலை" என்று சொல்ல வேண்டும், "எடைச் சீட்டு" என்ன என்று அரை வாக்கியம் சேர்க்க வேண்டும். அந்த இடத்துக்காக வேறொன்றை வெட்ட வேண்டி வரும்.

அவளுடைய அப்பாவும் சிறு தேயிலை விவசாயிதான். அதைச் சொல்லலாமா என்று கேட்டாள். குடும்பத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம் என்பது என் கருத்து அல்ல. வேலையைத் தொட்டால் சொல்லலாம். இவள் விஷயத்தில் தொடுகிறது. சிறு வயதிலிருந்து எடைச் சீட்டை வீட்டில் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் அதை நிமிடத்துக்குள் திணிக்காமல், "விவசாயிகள் கோபமாக வந்தால் எப்படிப் பேசுவீர்கள்?" என்கிற கேள்விக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த இடத்தில் அது நன்றாகப் பொருந்தும்.

கொக்கிகளில் மாட்டுவது

எழுதியாயிற்று. இப்போது இந்தத் தாளையும் மூட வேண்டும். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறும்போது எல்லாம் அறுந்துவிடும். மனப்பாடமாக வருகிற பேச்சு கேட்டவுடனே தெரியும். குரல் ஒரே மட்டத்தில் போகும், கண் மேலே கூரையைப் பார்க்கும், நடுவில் யாராவது குறுக்கிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

முதல் வாக்கியத்தையும் கடைசி மூன்று வாக்கியத்தையும் மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவுக்கு ஒவ்வொரு சொல்லாகக் கொக்கி போடுங்கள். அவள் ஒரு சின்ன அட்டையில் எழுதிய கொக்கிகள்: கோத்தகிரி, முந்நூறு, ஆறு, கட்டு, சனிக்கிழமை, மூன்று, படுகு, விளம்பரம். எட்டுச் சொல். இவற்றைப் பார்த்துக்கொண்டு பேசினால் ஒவ்வொரு முறையும் வாக்கியம் கொஞ்சம் மாறி வரும். மாறட்டும். "பார்க்கிறேன்" என்று எழுதியது வாயில் "பாக்குறேன்" என்று வரும், அதுவும் சரிதான். திருத்திக்கொண்டு எழுத்துத் தமிழில் பேசினால் மேடைப்பேச்சு மாதிரி ஆகிவிடும். வீட்டுப் பேச்சின் "அதுக்கப்பறமா", "வந்து வந்து" மட்டும் குறைந்தால் போதும்.

மூன்று நாள் அட்டையோடு, பிறகு அட்டை இல்லாமல். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் மனப்பாடமாக இறுகிவிடும். ஒவ்வொன்றையும் பதிவு செய்து நேரம் பாருங்கள். அவளுக்கு ஐந்தாவது நாள் 62 நொடி 47 ஆகிவிட்டது. வேகம் கூடியிருந்தது, சொல் எதையும் விடவில்லை. பழகப் பழக வாய் ஓடும், நேர்காணலில் பயம் சேர்ந்தால் இன்னும் ஓடும். மெதுவாகப் பேசு என்று சொன்னால் யாருக்கும் வராது. நிற்க வேண்டிய இடத்தைக் குறித்துக் கொடுத்தால் வரும். இரண்டு இடம் குறித்தோம். "ஆறு நாள் ஆகும்" என்ற பிறகு ஒரு மூச்சு. "மூன்று நாளில் முடிகிறது" என்ற பிறகு ஒரு மூச்சு. 60க்குத் திரும்பி வந்துவிட்டது. அந்த இரண்டு எண்ணும் கேட்கிறவர் காதில் இறங்குவதற்கும் நேரம் கிடைத்தது.

குறுக்கிட்டும் பழகினோம். "சனிக்கிழமை" வரும்போது நான் வேண்டுமென்றே "எந்த ஊர் சொன்னீங்க?" என்று கேட்பேன். பதில் சொல்லிவிட்டு "சனிக்கிழமை" கொக்கியிலிருந்தே தொடர வேண்டும். முதல் இரண்டு முறை தடுமாறினாள், பிறகு வந்துவிட்டது.

கடைசிச் சோதனை, தேயிலையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் சொல்லிக் காட்டுவது. பத்து நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, "ஆறு நாள் வேலையை மூணு நாளாக்கிருக்கா, சீட்டை அன்னன்னைக்கே எழுதி" என்றார். அது போதும். "நல்லாப் பேசினா" என்று மட்டும் சொல்லியிருந்தால் மறுபடியும் வெட்ட உட்கார்ந்திருப்போம்.

அன்றைய தினம்

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குச் சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை. பனிக்காலத்தில் காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் தாடை விறைத்திருக்கும். அன்று வாயைத் திறந்து பேசும் முதல் வாக்கியமே நேர்காணலில் என்றால் குரல் கம்மி வரும். அதனால் இறங்கியதும் சூடாக ஒரு டீ குடித்துவிட்டு, ஓரமாக நின்று ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் முணுமுணுக்க வேண்டாம், வளைவுகளில் தலை சுற்றும்போது நினைவும் குழம்பும். படியேறி அலுவலகத்துக்குப் போகிற இடங்கள் நம் ஊரில் அதிகம். மூச்சு சீராக இரண்டு நிமிடமாவது உட்கார நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ அழைப்பில் நேர்காணல் என்றால் சிக்னல் விட்டு விட்டு வரும். "வணக்கம், நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் பெயரைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெயரே அறுபட்டுப் போகும்.

ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் தமிழ் வாக்கியங்களை மனதுக்குள் மொழிபெயர்க்காதீர்கள். அதே எட்டுக் கொக்கியை வைத்து ஆங்கிலத்தில் தனியாகப் பேசிப் பழகியிருக்க வேண்டும். வாக்கியம் இன்னும் சின்னதாக இருந்தால் நல்லது.

முடிக்கும்போது "அவ்வளவுதான் சார்" வேண்டாம். "விண்ணப்பித்தேன்" என்று நிறுத்திவிட்டு, கேட்டவரைப் பாருங்கள். இரண்டு நொடி அமைதி இருக்கும். அதை நிரப்பப் பொழுதுபோக்கைச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அவர் அடுத்த கேள்வியை யோசிக்கிற நேரம் அது.

அந்த அடுத்த கேள்வி பெரும்பாலும் நீங்கள் சொன்னதற்குள்ளிருந்துதான் வரும். அவளுக்கு நாலு கேள்வி எழுதி வைத்தோம். சீட்டும் எடைப் புத்தகமும் ஒத்துப் போகாவிட்டால் என்ன செய்வீர்கள்? இலை அதிகமாக வருகிற மாதங்களிலும் அன்றன்றைக்கே ஏற்ற முடிகிறதா? "ஆரம்பித்தோம்" என்கிறீர்களே, யார் யார்? இப்போதும் ஏன் மூன்று நாள், ஒரு நாளில் ஏன் முடியவில்லை? நாலில் இரண்டு அப்படியே வந்தது. கடைசிக் கேள்விக்கு அவள் உண்மையைச் சொன்னாள்: விலை அறிவிப்பு வந்த பிறகு பட்டுவாடாப் பட்டியலை மேலாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒன்றரை நாள் ஆகிறது, அதை நாங்கள் குறைக்க முயலவில்லை, குறைக்கவும் கூடாது என்று.

வேலை பார்த்த அனுபவம் இல்லாதவர்களுக்கு

இதே வழிதான். சுருக்கத்தில் "அனுபவம்" என்ற வரிக்குப் பதிலாகக் கல்லூரிப் புராஜெக்டோ, விடுமுறையில் பார்த்த வேலையோ இருக்கும். ஊட்டி மலர்க் கண்காட்சி நடக்கிற மே மாதத்தில் விடுதியிலோ கடையிலோ சீசன் வேலை பார்த்தவர்கள் அதைச் சுருக்கத்தில் "பகுதி நேரப் பணி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தோண்டிப் பாருங்கள். கூட்டம் நெரிகிற நாளில் ஒரே அறையை இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்ட சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்பதில் ஒரு அரை நிமிடம் இருக்கும்.

இன்னொரு வேலைக்குப் போகும்போது

மூன்று வாரம் கழித்து அவள் ஊட்டியில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசை வேலைக்கும் போனாள். சுருக்கம் அதேதான். முதல் பத்தியை மாற்றவில்லை. நடுவில் ஆறு நாள், மூன்று நாள் கதையை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் இதை வைத்தோம்: "பட்டுவாடா நாளில் நாற்பது, ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வருவார்கள். எடை குறைந்துவிட்டது என்று சிலர் கோபமாக வருவார்கள். முதலில் அவர்கள் கையிலிருக்கிற சீட்டை வாங்கிப் பார்ப்பேன். எங்கள் புத்தகத்தைத் திருப்பி அவர்களிடமே காட்டுவேன். தப்பு எங்கள் பக்கம் என்றால் அங்கேயே திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்."

கடைசிப் பத்தியில் விளம்பர வரியை மாற்றினோம். அட்டையில் புதிய கொக்கிகள்: கோத்தகிரி, முந்நூறு, பட்டுவாடா நாள், சீட்டு, புத்தகம், கையெழுத்து, விளம்பரம். 58 நொடி வந்தது.